குண்டு விழும் தூரம்

1690-ஆம் ஆண்டு கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு பீரங்கி நில அளவை வேலை பார்த்தது. மராட்டியரிடமிருந்து அங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, சுற்றுவட்டார நிலத்தையும் சேர்த்தே வாங்கியது. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அது வரைக்கும். சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனி வசமாயின. ‘குண்டு கிராமங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. புனித டேவிட் கோட்டையின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

அந்த ஊரில் உழுதுகொண்டிருந்த மனிதர் என்ன செய்தார், யார் பக்கம் நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வீடு குண்டு விழும் தூரத்துக்குள் இருந்தது. அதுவே அவர் கதியைத் தீர்மானித்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கடலூரில் என் வீட்டுத் திண்ணையில், அதே தூரக் கணக்கு ஒரு தேர்வுக் கேள்வியாகத் திரும்பி வந்தது.

என் அக்கா மகள் சட்டம் படிக்கிறாள். தேர்வு மையம் சிதம்பரம். பஸ் ஏறுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, மாதிரி வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பதினைந்து மதிப்பெண் கேள்வி. அதன் சாரம் இது:

ஒரு நாட்டில் அரசுப் படைக்கும் ஆயுதக் குழு ஒன்றுக்கும் உள்நாட்டுப் போர். ஒரு நகரத்து மருத்துவமனையின் மதில் சுவருக்கு 60 மீட்டர் அப்பால், தோப்புக்குள், குழு ஒரு மோர்ட்டாரை வைத்துக் காலை 10 மணி முதல் 10.15 வரை படை முகாம் மீது சுடுகிறது. மருத்துவமனையின் மருந்தாளுநர் மொட்டை மாடியில் நின்று, குண்டு எங்கே விழுகிறது என்று ரேடியோவில் குழுவுக்குச் சொல்லித் திருத்துகிறார். வார்டில் காயம்பட்ட குழுவினர் 12 பேர் படுத்திருக்கிறார்கள். அவர்களுடைய துப்பாக்கிகள் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கின்றன. வாசலில் துப்பாக்கியுடன் ஒரு காவலாளி. நகரத்தில் குழுவுக்குச் சோறு சமைத்துத் தரும் ஒரு பெண். 10.20-க்கு மோர்ட்டாரைப் பிரித்து எடுத்துக்கொண்டு குழு போய்விடுகிறது. 10.40-க்குப் படை, தோப்பைக் குறிவைத்துப் பீரங்கியால் 20 குண்டுகள் சுடுகிறது. மூன்று குண்டுகள் மருத்துவமனை மீது விழுகின்றன. ஒன்பது பேர் சாகிறார்கள். இந்தத் தாக்குதல் சட்டப்படி சரியா?

அவள் ‘60 மீட்டர்’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். “இவ்வளவு பக்கத்துல மோர்ட்டார வச்சா ஆஸ்பத்திரிக்குப் பாதுகாப்பு போயிடுமா மாமா?” என்றாள்.

எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். போர்ச் சட்டம் இதற்குச் சொல்லும் பதில்தான் அதன் முதல் அதிசயம். போர்க்காலத்திலும் எது கூடாது என்று சொல்லும் இந்தச் சட்டத்துக்குச் சர்வதேச மனிதாபிமானச் சட்டம் என்று பெயர். அதன் அடித்தளம் வேறுபடுத்தும் நெறி: சண்டை போடுபவரையும் போடாதவரையும் எப்போதும் பிரித்துப் பார், போடுபவரை மட்டுமே தாக்கு. பிரிப்பதற்கு அது எடுத்துக்கொள்ளும் அளவுகோல் தூரம் கிடையாது. ஒருவர் என்ன செய்கிறார், எப்போது செய்கிறார் என்ற இரண்டு மட்டுமே.

பிரிக்கும் விதத்தைப் பாருங்கள். ‘பொதுமக்கள் யார்’ என்று பட்டியல் போட்டால் முடிவே இருக்காது. விவசாயி, டீக்கடைக்காரர், கணக்கப்பிள்ளை, கைக்குழந்தை என்று நீண்டுகொண்டே போகும்; யாராவது ஒருவர் விடுபட்டால் அவர் உயிர் போகும். அதனால் சட்டம் முறத்தில் அரிசி பார்ப்பதுபோல வேலை செய்கிறது. நாம் ஒவ்வோர் அரிசியையும் எடுத்து ‘இது அரிசி’ என்று சொல்வதில்லை. கல்லை மட்டும் பொறுக்குகிறோம், மிச்சமெல்லாம் அரிசி. அதேபோல் ஆயுதப் படையையும் சண்டை போடும் குழுவையும் சேர்ந்தவர்களை மட்டும் வரையறுத்துவிட்டு, மீதி அத்தனை பேரும் பொதுமக்கள் என்கிறது சட்டம். ஒரே ஒரு வித்தியாசம்: சமையலறையில் சந்தேகமாக இருந்தால் தூக்கி எறிவோம். இங்கே சந்தேகம் வந்தால் அரிசி என்றே கொள்ள வேண்டும். ஒருவர் பொதுமக்களில் சேர்த்தியா இல்லையா என்று தெரியாவிட்டால், அவர் பொதுமக்களில் ஒருவர்தான்.

ஆனால் மாடியில் நின்ற மருந்தாளுநர்? சீருடை இல்லை, கையில் துப்பாக்கி இல்லை, சம்பளம் மருத்துவமனையில். அவரை எந்தப் பக்கம் போடுவது? இங்கே சட்டம் ஒரு நுட்பமான வார்த்தையைக் கையாள்கிறது: நேரடிப் பங்கேற்பு. பொதுமக்களில் ஒருவர் சண்டையில் நேரடியாகப் பங்கேற்றால், பங்கேற்கும் அந்த நேரத்துக்கு மட்டும் அவர் பாதுகாப்பை இழக்கிறார். ‘நேரடி’ என்றால் என்ன என்று கண்டுபிடிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2009-இல் மூன்று கேள்விகளை வகுத்துத் தந்தது. அந்தச் செயலால் எதிரிப் படைக்கோ பாதுகாப்பில் உள்ளவர்களுக்கோ தீங்கு நேருமா? செயலுக்கும் தீங்குக்கும் இடையே ஒரே ஒரு படிதானா? ஒரு தரப்புக்கு ஆதரவாக, மறு தரப்புக்கு எதிராகச் செய்யப்பட்டதா?

“சமைக்கிற அம்மாவ முதல்ல பாரு” என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். சோறு பொங்குவதால் படை முகாமில் குண்டு விழுவதில்லை. சாப்பிட்டவன் எழுந்து, நடந்து, குண்டைப் போட்டு, பிறகுதான் தீங்கு. இடையில் பல படிகள். ஆகவே அந்தப் பெண் எத்தனை நாள் சமைத்தாலும் பொதுமக்களில் ஒருவரே. அவரைக் குறிவைத்தால் அது போர்க்குற்றம். மருந்தாளுநர் ‘இன்னும் நூறு மீட்டர் இடது பக்கம்’ என்று சொன்னால் அடுத்த குண்டு நூறு மீட்டர் இடது பக்கம் விழுகிறது. ஒரே படி. மூன்று கேள்விக்கும் ‘ஆம்’. 10 மணி முதல் 10.15 வரை அவர் தாக்கப்படக்கூடியவர்.

10.40-க்கு? அவர் கீழே இறங்கி, மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று ஒரு கிழவிக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்தது அந்த ஒரு தடவைதான் என்றால், அந்த நிமிடத்தில் அவர் மறுபடியும் பாதுகாக்கப்பட்டவர். கைது செய்யலாம், வழக்குப் போடலாம், தண்டிக்கலாம், சுடக் கூடாது. தினமும் இதையே வேலையாகச் செய்து குழுவின் போர்ப் பிரிவில் ஓர் ஆளாகவே ஆகியிருந்தால் நிலைமை மாறும். அப்போது அவர் கல், அரிசி இல்லை. ஒரே மனிதர் ஒரே காலைப் பொழுதில் கோட்டின் இரு பக்கமும் நிற்க முடியும் என்பதைச் சட்டம் கண்டுகொண்டிருக்கிறது.

வார்டில் கிடக்கும் 12 பேருக்கு இதன் மறுபக்கம். நேற்று வரை அவர்கள் சண்டைக்காரர்கள். காயம்பட்டு, சண்டையிட முடியாமல் படுத்துவிட்ட நொடியிலிருந்து அவர்களைத் தாக்கக் கூடாது. 1864-இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை பிறந்ததே இந்த ஒரு கருத்துக்காகத்தான். அவர்களை வைத்துச் சிகிச்சை செய்வதால் மருத்துவமனை ‘எதிரியின் இடம்’ ஆகிவிடாது. 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை இதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது: காயம்பட்ட வீரர்கள் உள்ளே இருப்பதும், அவர்களிடமிருந்து வாங்கி வைத்த, இன்னும் உரிய இடத்தில் ஒப்படைக்கப்படாத சிறு ஆயுதங்கள் அங்கே கிடப்பதும் மருத்துவமனையின் பாதுகாப்பைப் பறிக்கும் காரணங்களாகா. ஸ்டோர் ரூமில் பூட்டிய துப்பாக்கிகள் பற்றிய வரி கேள்வியில் ஏன் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அது மாணவரை ஏமாற்ற வைத்த வலை. நோயாளிகளைக் காக்க வாசலில் நிற்கும் காவலாளியும் அதே வகைதான்.

அப்படியானால் மருத்துவமனை தன் பாதுகாப்பை எப்போதுதான் இழக்கும்? மருத்துவத்துக்குப் புறம்பாக, எதிரிக்குத் தீங்கு செய்யும் செயலுக்கு அதைப் பயன்படுத்தும்போது. மொட்டை மாடியில் நடந்தது அதுதான். ஆனாலும் பாதுகாப்பு மின்விளக்கு அணைவதுபோலச் சட்டென்று அணையாது. முதலில் எச்சரிக்கை தர வேண்டும். பொருத்தமான எல்லாச் சந்தர்ப்பங்களிலும் நியாயமான அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை என்றால்தான் அடுத்த பேச்சு. தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் பாடும் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு விடுவதற்கு முன் சிலரைப் பத்திரமான இடத்துக்குப் போகச் சொல்கிறான். அந்தச் சிலரில் நோயாளிகளும் உண்டு. முன்னறிவிப்பு, அவகாசம், நோயாளி: மூன்றும் அங்கே இருக்கின்றன. கேள்வித்தாளின் படைத் தளபதி எச்சரிக்கை எதுவும் தரவில்லை.

இப்போது தோப்புக்கு வருவோம். மோர்ட்டார் சந்தேகமே இல்லாமல் ராணுவ இலக்கு. அதைத் தாக்கலாம். அது 60 மீட்டரில் இருந்தாலும் 600 மீட்டரில் இருந்தாலும், மோர்ட்டார் மோர்ட்டார்தான், மருத்துவமனை மருத்துவமனைதான். பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் குணம் மற்றதில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் தூரம் இன்னொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது. அந்த வாசலில் நிற்பது இயற்பியல்.

படை சுட்டது 155 மில்லிமீட்டர் பீரங்கி என்று வைத்துக்கொள்வோம். அதன் குண்டு ஒன்று 43 கிலோ அளவில் இருக்கும்; ஒரு சிமென்ட் மூட்டையைவிடக் கொஞ்சம் குறைவு. புதுச்சத்திரம் பக்கத்தில் அந்தப் பீரங்கியை நிறுத்தினால் கடலூரும் எட்டும், சிதம்பரமும் எட்டும். விழுந்து வெடித்தால் சுமார் 50 மீட்டர் ஆரத்துக்குள் வெட்டவெளியில் நிற்பவரைச் சிதறல்கள் கொல்லும். வழிகாட்டும் கருவி இல்லாத குண்டு, அத்தனை கிலோமீட்டர் காற்றையும் வெப்பத்தையும் கடந்து வரும்போது, குறி வைத்த புள்ளியிலிருந்து நூறு மீட்டர், அதற்கும் மேலே தள்ளி விழுவது சாதாரணம். இப்போது கூட்டிப் பாருங்கள். குறியிலிருந்து மதில் 60 மீட்டர். குண்டு தவறும் தூரம் நூறு மீட்டர். சரியாகத் தோப்பிலேயே விழுந்தாலும் சிதறல் மதிலுக்குப் பக்கம் வருகிறது. அதாவது, இந்த ஆயுதத்துக்கு இந்தத் தூரத்தில் தோப்பையும் வார்டையும் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது. ஒரு குறிப்பிட்ட இலக்கின் மீது செலுத்த முடியாத ஆயுதத்தால் தாக்குவதைச் சட்டம் கண்மூடித் தாக்குதல் என்று தடுக்கிறது. இருபது குண்டில் மூன்று மருத்துவமனையில் விழுந்தது துரதிர்ஷ்டம் என்று தளபதி சொல்ல முடியாது. அது அவர் கையில் இருந்த கணக்கின் விடை.

அக்கா மகள் பென்சிலை எடுத்து நேரங்களை ஒரு கோட்டில் எழுதினாள். 10.15. 10.20. 10.40. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாமா, சுடும்போது அங்க மோர்ட்டாரே இல்லையே!” என்றாள்.

கேள்வியின் நடுப்புள்ளி அதுதான். குழு வைத்திருந்தது 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் என்று கொள்வோம்; அது பிரித்துச் சுமக்கக்கூடிய ஆயுதம். மூன்று பேர் தூக்கிக்கொண்டு சில நிமிடங்களில் இடம் மாறிவிடுவார்கள். எதிரிக் குண்டின் பாதையை ரேடாரில் பிடித்து அது கிளம்பிய இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ரேடார் சொல்வது குண்டு கிளம்பியபோது ஆயுதம் எங்கே இருந்தது என்பதை. 25 நிமிடங்கள் கழித்தும் அது அங்கேதான் இருக்கிறதா என்பதை ரேடார் சொல்லாது. தளபதி உறுதி செய்ய வேண்டும். சுடுவதற்கு முன் இலக்கைச் சரிபார்க்கத் தன்னால் ஆன அனைத்தையும் செய் என்பது சட்டத்தின் முன்னெச்சரிக்கை நெறி. 10.02-க்குத் திருப்பிச் சுட்டிருந்தால் கேள்வி வேறு மாதிரி. 10.40-க்கு, அது வெறும் தோப்பு.

கடைசித் தராசு விகித நெறி. ராணுவ இலக்கைத் தாக்கும்போது பக்கத்தில் இருக்கும் பொதுமக்களுக்குச் சேதம் வரலாம் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் எதிர்பார்க்கும் சேதம், கிடைக்கப்போகும் ராணுவப் பயனைவிட மிதமிஞ்சி இருக்கக் கூடாது. இத்தனை பேருக்கு இவ்வளவு பயன் என்று எந்த வாய்ப்பாடும் இல்லை. பலர் இதை நடந்து முடிந்த பிறகு பிணங்களை எண்ணிப் போடும் கணக்கு என்று நினைக்கிறார்கள். தராசு தூக்கப்படுவது சுடுவதற்கு முன், தளபதியின் மனத்தில், அவருக்கு அப்போது தெரிந்ததையும் தெரிந்திருக்க வேண்டியதையும் வைத்து. இங்கே ஒரு தட்டில் நிறைந்த மருத்துவமனை; மறு தட்டில் ஆளில்லாத தோப்பு.

ஆயுதக் குழுவை விட்டுவிடலாமா? கூடாது. மருத்துவமனைப் பக்கத்தில் மோர்ட்டாரை வைத்ததும், அதன் மாடியைப் பயன்படுத்தியதும் அவர்கள் செய்த தவறுகள். நோயாளிகளைக் கேடயமாக்கவே அங்கே வைத்தார்கள் என்று நிரூபித்தால் அது இன்னும் பெரிய குற்றம். ஆனால் அவர்கள் தவறு படையின் தவறைக் கழுவாது. நோயாளிகள் எந்தத் தவறும் செய்யவில்லையே, அவர்களுடைய பாதுகாப்பு ஏன் போக வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. இரண்டு தரப்பும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வியைத் தயாரித்தவர் எதை நினைத்துத் தயாரித்தாரோ தெரியாது. எனக்குப் படித்த உடனே நினைவுக்கு வந்தது இலங்கையின் புதுக்குடியிருப்பு மருத்துவமனை. 2009 ஜனவரி கடைசி. வன்னியில் மிஞ்சியிருந்த ஒருசில நிரந்தர மருத்துவமனைகளில் ஒன்று அது. காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் நிறைந்திருந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் தந்த அறிக்கை இப்படிச் சொல்கிறது: ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரையான வாரத்தில் பல்குழல் பீரங்கிகளும் மற்றப் பீரங்கிகளும் அந்த மருத்துவமனையை நாள்தோறும் தாக்கின, குறைந்தது ஒன்பது குண்டுகள் நேரடியாக விழுந்தன. கட்டடத்தில் சின்னம் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் அமைவிடப் புள்ளி இலங்கை ராணுவத்துக்கு நன்றாகத் தெரியும். பிப்ரவரி 4 அன்று குண்டு விழுந்தபோது செஞ்சிலுவைக் குழுவின் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் இருவர் உள்ளேயே இருந்தார்கள்.

அதே அறிக்கை விடுதலைப் புலிகளைப் பற்றியும் சொல்கிறது. அவர்கள் மருத்துவமனைக்கு அருகிலிருந்து நகரும் பீரங்கிகளால் சுட்டார்கள். ஆனால் நோயாளிகள் வெளியேற்றப்படும் வரை மருத்துவமனையை ராணுவக் காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை. ‘அருகில்’, ‘உள்ளே’ என்ற இரு சொற்களுக்கும் நடுவில்தான் தேர்வுக் கேள்வியின் பதினைந்து மதிப்பெண்ணும் இருக்கிறது. பல்குழல் பீரங்கி என்பது அடுத்தடுத்து ராக்கெட்டுகளை ஒரு பரப்பின் மீது கொட்டுவதற்காகவே செய்யப்பட்டது. 60 மீட்டர் வித்தியாசத்தை அதனிடம் எதிர்பார்க்கவே முடியாது.

இலங்கை அரசு தான் மருத்துவமனையைத் தாக்கவில்லை என்று மறுத்தது. அரசு பின்னர் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, மருத்துவமனைகள் மீதோ அருகிலோ குண்டுகள் விழுந்தது உண்மை என்று ஏற்றது. யார் சுட்டது என்று தன்னால் முடிவுக்கு வர முடியவில்லை என்றது. இந்தச் சட்டத்தின் பலவீனம் இந்த இடத்தில்தான். விதி தளபதியின் மனத்தில் இயங்குகிறது. அதற்கான சாட்சியம், அவருடைய சுடும் பதிவேட்டிலும், வானிலிருந்து எடுத்த படத்திலும், குண்டு பறித்த குழியின் சாய்விலும், சிதறிய இரும்பிலும் இருக்கிறது. பதிவேட்டைப் படையே வைத்திருக்கும். குழியை மண் மூடிவிடும். சுதந்திரமாகப் போய்ப் பார்ப்பவர் இல்லாத போர்க்களத்தில் விதி இருந்தும் விடை கிடைக்காமல் போகும்.

இந்தியாவும் இலங்கையும் மேற்படி விதிகளில் பலவற்றை விரிவாக எழுதி வைத்திருக்கும் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறைகளில் சேரவில்லை. அதனால் தப்பிவிட முடியுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியாது. நாடுகள் நெடுங்காலம் கடைப்பிடித்து, கட்டாயம் என்று ஏற்றுக்கொண்ட வழக்கமும் சட்டமாகிறது. கையெழுத்துப் போடாதவரையும் அது கட்டும், உள்நாட்டுப் போரையும் கட்டும். வேறுபடுத்தும் நெறி அந்த வகையில் முதல் வரிசையில் இருப்பது.

புதுக்குடியிருப்பில் இன்னொன்றும் நடந்தது. ஜனவரி 2009-இல் இலங்கை அரசு ஒரு ‘போர் தவிர்ப்பு வலயம்’ அறிவித்தது. வரைபடத்தில் ஒரு கோடு. உள்ளே வந்தால் பத்திரம் என்றார்கள். புதுக்குடியிருப்பு மருத்துவமனை கோட்டுக்கு வெளியே இருந்தது. வலயத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் தாக்கத் தகுந்த இலக்கு என்ற பேச்சு அப்போது உயர்மட்டத்திலிருந்தே வந்தது. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. வலயம் கூடுதல் பாதுகாப்பு தரலாம். வெளியே இருப்பவரிடம் இருக்கும் பாதுகாப்பை எடுத்துக்கொள்ள முடியாது. கோட்டுக்கு வெளியே படுத்திருக்கும் நோயாளியும் நோயாளிதான்.

கோடு போட்டு மனிதரின் கதியைத் தீர்மானிக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் 1690-இல் தேவனாம்பட்டினத்துப் பீரங்கி செய்துகாட்டியது. குண்டு விழும் தூரத்துக்குள் இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா? வேறுபடுத்தும் நெறி அந்தக் கேள்வியையே மாற்றிவிட்டது: நீ இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

அக்கா மகள் விடையின் முதல் வரியை அடித்துவிட்டாள். ‘மருத்துவமனை 60 மீட்டர் தூரத்தில் இருந்ததால்’ என்று தொடங்கியிருந்த வரி அது. அதற்குப் பதிலாக மேலிருந்து கீழாக ஐந்து பெயர்களை எழுதினாள்: மருந்தாளுநர், காயம்பட்டவர், காவலாளி, சமைக்கும் பெண், தளபதி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நேரம் போட்டாள்: 10.40. பிறகு அந்த நிமிடத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத ஆரம்பித்தாள்.